எஸ்க்ரோ கணக்கு: வராத பணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

புது அப்பார்ட்மென்ட் புக் பண்றவங்க கிட்ட பில்டர் ஆபீஸ்ல அடிக்கடி சொல்ற ஒரு வரி உண்டு: "உங்க பணம் எஸ்க்ரோல பத்திரமா இருக்கு சார்." அது எந்த அளவுக்கு உண்மைன்னு பார்க்கிறதுதான் ஒரு ஆடிட்டரா என் வேலைகள்ல ஒண்ணு. அதை எப்படிச் செய்றோம்னு இன்னைக்குச் சொல்றேன்.

முதல்ல சட்டம். 2016-ஆம் வருஷத்து ரெரா சட்டப்படி, வாங்குறவங்க கிட்ட வசூலாகிற பணத்துல 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்குன்னே இருக்கிற தனி வங்கிக் கணக்குக்குப் போகணும். நிலத்தோட விலைக்கும் கட்டுமானச் செலவுக்கும் மட்டும்தான் அதிலிருந்து எடுக்கலாம். அதுவும் வேலை எத்தனை சதவீதம் முடிஞ்சிருக்கோ அந்த அளவுக்குத்தான். இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் மூணு பேரும் சான்றிதழ் கொடுக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவை தணிக்கையும் உண்டு.

இதைச் சரிபார்க்க உட்கார்றப்போ எல்லாரும் முதல்ல கையில எடுக்கிறது பேங்க் ஸ்டேட்மென்ட். நான் அதைக் கடைசியாத்தான் எடுப்பேன். காரணம் ரொம்ப சிம்பிள். ஸ்டேட்மென்ட்ல வந்த பணம் தெரியும், போன பணம் தெரியும். வந்திருக்க வேண்டிய பணம் வராம போனா, அதுக்கு அங்கே ஒரு வரி கூட இருக்காது. அதனால வாங்குறவங்களுக்குக் கொடுத்த ரசீதுகள்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

ஒரு கேஸ் சொல்றேன். சென்னையில 24 வீடுகள் கொண்ட ஒரு திட்டம். பெயர் வேண்டாம், எண்களையும் முழு எண்களா மாத்தியிருக்கேன். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை மூணு மாசத்துல, ஜிஎஸ்டி நீங்கலா, 3 கோடியே 20 லட்சத்துக்கு ரசீது போட்டிருக்காங்க. அதுல 70 சதவீதம்னா 2 கோடியே 24 லட்சம். தனிக் கணக்குல வரவு 1 கோடியே 96 லட்சம்தான். 28 லட்சம் குறையுது.

இந்த 28 லட்சத்தை அப்படியே வெச்சுத் தேடினா எதுவும் கிடைக்காது. அது ரசீதுத் தொகை இல்லை, ரசீதோட 70 சதவீதம். அதனால 0.7-ஆல வகுக்கணும். 40 லட்சம் வருது. அப்போ நான் தேட வேண்டியது, 40 லட்ச ரூபாய்க்கான ரசீதுகள் எங்கே போச்சுங்கிறதை.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி போட்டு, ரசீது தேதி, தொகை, வங்கியில வரவான தேதின்னு பக்கத்துல பக்கத்துல எழுதினோம். 10 லட்சம், செப்டம்பர் கடைசியில ரசீது போட்டு அக்டோபர் முதல் வாரத்துல வரவான செக். அடுத்த மாச ஸ்டேட்மென்ட்ல கண்ணால பார்த்தாச்சு, பிரச்சினை இல்லை. 5 லட்சம், பவுன்ஸ் ஆன செக். செக் கைக்கு வந்த அன்னைக்கே ரசீது போட்டுட்டாங்க, திரும்பினதும் ரத்து பண்ணலை. 2 லட்சம் டிடிஎஸ். 50 லட்சமோ அதுக்கு மேலயோ விலையுள்ள வீடுன்னா வாங்குறவர் 1 சதவீதம் பிடிச்சு வருமான வரித் துறைக்குக் கட்டிடுவார். ரசீது முழுத் தொகைக்கு இருக்கும், வங்கிக்கு அந்தப் பங்கு வராது. இதுவரைக்கும் 17 லட்சம். எல்லாம் எந்தத் திட்டத்துலயும் நடக்கிற நியாயமான காரணங்கள்.

மிச்சம் 23 லட்சம். அது ஒரே வீடு. 15 லட்சம், 8 லட்சம்னு ரெண்டு தவணையா ஹோம் லோன் கொடுத்த வங்கி நேரா பில்டருக்கு அனுப்பியிருக்கு. ஆனா எந்தக் கணக்குக்கு? அந்த வீட்டுக்கான டிமாண்ட் லெட்டர்ல அச்சாகியிருந்தது பில்டரோட வேற ஒரு கடன் கணக்கு எண். பணம் உள்ளே போன அன்னைக்கே பழைய கடனுக்கு வரவு வெச்சாச்சு. வாங்கினவர் கையில ரசீது பக்காவா இருக்கு. தனிக் கணக்குக்கு ஒரு ரூபாய் வரலை. ஸ்டேட்மென்ட்டை மட்டும் நூறு தடவை படிச்சாலும் இது தெரியாது. 23 லட்சத்துல 70 சதவீதம், அதாவது 16 லட்சத்து 10 ஆயிரத்தை, பில்டர் திருப்பிப் போட வேண்டியிருந்தது.

சரி, இது உள்ளே வர்ற பக்கம். இப்போ வெளியே போற பக்கம்.

இந்தத் திட்டத்துல நிலம் 4 கோடி, கட்டுமான மதிப்பீடு 12 கோடி, மொத்தம் 16 கோடி. நிலத்துக்குப் பணம் முழுசா கொடுத்தாச்சு. கட்டுமானத்துல 4 கோடியே 80 லட்சம் செலவாயிருக்குன்னு கணக்குப் புத்தகம் சொல்லுது. ரெண்டும் சேர்த்து 8 கோடியே 80 லட்சம். இதுவரைக்கும் எடுத்தது 7 கோடியே 90 லட்சம். அப்போ இன்னும் 90 லட்சம் எடுக்கலாம்னு சான்றிதழ் கேட்டாங்க.

ஆனா 12 கோடியில 4.8 கோடின்னா 40 சதவீதம். இன்ஜினியர் சான்றிதழ்ல கட்டுமானம் 30 சதவீதம்னு இருக்கு. 30 சதவீதத்துக்கு 3 கோடியே 60 லட்சம்தான் வருது. நடுவுல 1 கோடியே 20 லட்சம் இடிக்குது. சைட்ல போய்ப் பார்த்தா இன்ஜினியர் சொன்னதுதான் சரி.

பில்களைப் புரட்டினோம். 70 லட்சம், லிஃப்ட்டுக்கும் ஜன்னலுக்கும் கொடுத்த அட்வான்ஸ். பணம் போயிருக்கு, ஆனா கட்டடத்துல ஒண்ணும் ஏறலை. அட்வான்ஸ் கொடுக்கிறது தப்பில்லை, அதை முடிஞ்ச வேலையா காட்டுறதுதான் தப்பு. மீதி 50 லட்சம் கம்பி பில். பில்லுல இந்தத் திட்டத்தோட பெயர்தான். ஆனா லாரியோட வந்த இ-வே பில்லை எடுத்துப் பார்த்தா, சரக்கு இறங்கின இடம் அதே பில்டரோட இன்னொரு சைட்.

இப்போ கணக்கைத் திருப்பிப் போடுங்க. நிலம் 4 கோடி, நிஜமான வேலை 3.6 கோடி, எடுக்கக்கூடியது மொத்தமே 7 கோடியே 60 லட்சம். எடுத்திருக்கிறது 7.9 கோடி. இன்னும் 90 லட்சம் எடுக்கலாம்னு வந்த இடத்துல, ஏற்கனவே 30 லட்சம் கூடுதலா எடுத்தாச்சு. வங்கி மேல இதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை. அவங்க சான்றிதழைப் பார்த்துதான் பணம் விடுவாங்க, சைட்ல போய்த் தளத்தை எண்ண மாட்டாங்க.

ஒரு விஷயத்தை மட்டும் தப்பாப் புரிஞ்சுக்காதீங்க. கட்டுமானம் 30 சதவீதம்தான், ஆனா மொத்தச் செலவுல கிட்டத்தட்ட பாதி வெளியே போயிருக்கேன்னு பார்த்தா பதறும். நிலத்தோட விலையையும் எடுக்கச் சட்டமே அனுமதிக்குது. அதனால ஆரம்பத்துல பெரிய தொகை போறது மட்டுமே மோசடி ஆகாது. பார்க்க வேண்டியது மிச்சத்தை. இந்தத் திட்டத்துல இன்னும் 8 கோடியே 40 லட்சத்துக்கு வேலை பாக்கி. கணக்கு இருப்பும், வித்த வீடுகள்ல இனி வர வேண்டிய தவணையும் சேர்த்து அதுக்குப் பத்துமா? பத்தாதுன்னா, விக்காத வீடுகள் வித்தால்தான் உங்க வீடு முடியும்.

வாங்குறவங்க கைக்கு ஸ்டேட்மென்ட் பெரும்பாலும் வராது. ஆனா டிமாண்ட் லெட்டர் வரும். அதுல இருக்கிற கணக்கு எண், ரெராவுல அந்தத் திட்டத்துக்காகக் கொடுத்த எண்தானான்னு எழுத்துல கேட்டு வாங்கிட்டு, அப்புறம் பணம் அனுப்புங்க. ஹோம் லோன் வங்கிக்கும் அதே எண்ணைக் கொடுங்க. அந்த 23 லட்சம் வழி மாறினது அந்த ஒரு வரியிலதான்.