அதிபரை எப்படி அளப்பது?

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குகிறோம். சில வருடங்களுக்கு முன் நம்மில் நான்கு பேர் ஒரு பாடசாலை விழாவுக்குப் போய், அங்கிருந்த அதிபருக்குப் பொன்னாடை போர்த்தினோம். க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு மிக நன்றாக இருந்தது என்பதே காரணம். வாசலில் பெரிய பதாகை: 80 வீதம் சித்தி. அதற்கு முன்னிருந்த அதிபரின் கடைசி வருடத்தில் 49 வீதம்தான். அவருக்கு நாங்கள் ஒரு நன்றிக் கடிதம்கூட எழுதவில்லை. பாடசாலையின் பெயர் வேண்டாம். எண்களையும் உருட்டித்தான் சொல்கிறோம்.

பொன்னாடை போர்த்திய மறுமாதம், தோட்டத்து லயத்தில் ஒரு பிள்ளையைக் கண்டோம். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "பரீட்சை எழுதினாயாம்மா?" என்று கேட்டதற்கு, "என்னைய எழுத வேணாம்னு சொல்லிட்டாங்க டீச்சர்" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் எங்களைச் சேர்விடாப்பு வரை கொண்டுபோனது.

அந்த 80 வீதம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பரீட்சைக்குத் தோற்றியவர்கள் 25 பேர். உயர்தரத்துக்குத் தகுதி பெற்றவர்கள் 20 பேர். கணக்கு சரி. ஆனால் அதே பிள்ளைகள் தரம் 6 இல் இருந்தபோது இடாப்பில் 60 பேர். அவர்களில் 10 பேர் விடுகைப் பத்திரம் பெற்று வேறு பாடசாலைகளுக்குப் போயிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்ததும் உறுதி. மீதி 50 பேரில் 25 பேர் பரீட்சை மண்டபத்துக்கே வரவில்லை. நடுவில் வந்து சேர்ந்தவர்கள் யாருமில்லை. ஆகவே 50 பிள்ளைகளில் 20 பேர், அதாவது 40 வீதம்.

முந்தைய அதிபரின் கணக்கையும் அப்படியே போட்டோம். தரம் 6 இல் 58 பேர், முறையாக விலகியவர்கள் 8, மீதி 50. தோற்றியவர்கள் 45, தகுதி பெற்றவர்கள் 22. பதாகைக்கு அது 49 வீதம்; உண்மையில் 44 வீதம். பலவீனமான பிள்ளைகளையும் உட்கார வைத்ததால் அவருக்குப் பெயர் கெட்டது. நாம் போர்த்திய பொன்னாடை அவருக்கு உரியது.

இதில் ஒரு நியாயத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் வந்த அதிபர் மேல், ஆறு வருடங்களுக்கு முன் நடந்ததைச் சுமத்த முடியாது. அவர் பொறுப்பேற்ற நாளில் அந்த வகுப்பு எந்தத் தரத்தில் இருந்ததோ அங்கிருந்துதான் எண்ண வேண்டும். நாங்கள் பார்த்த அதிபர் வந்தபோது அந்த வகுப்பு தரம் 9 இல் இருந்தது. காணாமற்போன 25 பேரில் 17 பேர் விலகியது தரம் 10 இலும் 11 இலும். பதினேழு பேரில் பதினொருவர் பெண் பிள்ளைகள். சிலரிடம் "தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுது" என்று சொல்லப்பட்டிருக்கிறது. விண்ணப்பம் எங்கே கிடைக்கும், யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று தெரியாத தாய்க்கு அது எழுதாதே என்பதுதான். கட்டாயக் கல்வி வயது 2016 இல் 16 ஆக உயர்ந்ததை நினைத்தால், இது வெறும் கணக்குப் பிழையல்ல.

ஆசிரியர்களை அதிபர் எப்படி நடத்துகிறார் என்பதை நேரசூசியே காட்டிவிடும். முகத்துக்கு முன் எந்த ஆசிரியரும் அதிபரைக் குறை சொல்ல மாட்டார்; அவரிடம்தான் நாளைக்கு லீவு கேட்க வேண்டும். ஆனால் நேரசூசியில் கணித ஆசிரியை எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். நம் பக்கத் தமிழ்ப் பாடசாலைகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆள் கிடைப்பதே பெரும்பாடு. வந்தவரும் இடமாற்றம் கிடைத்ததும் போய்விடுகிறார். இருக்கும் ஒருவரை முழுவதுமாகத் தரம் 11 க்குக் கொடுத்துவிட்டால் அந்த வருடப் பதாகை நன்றாகத்தான் இருக்கும். தரம் 6, 7 பிள்ளைகளுக்குக் கணிதப் பாடவேளை பதில் கடமையிலேயே கழியும். பின்னம் தெரியாமல் தரம் 10 க்கு வருவார்கள். பிறகு "இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது" என்று ஒதுக்கப்படுவதும் அவர்கள்தான். ஒரு தவணைக்குரிய பதில் கடமைப் புத்தகத்தைப் புரட்டினால், எந்த வகுப்பு ஆசிரியரில்லாமல் அதிகம் இருந்தது என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

பெற்றோர் கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை, தோட்டத்துச் சனத்துக்கு அக்கறையில்லை என்று அதிபர்மார் சொல்வதை எல்லோரும் கேட்டிருப்போம். கூட்டம் எத்தனை மணிக்கு? காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் தாய் றப்பர் மலையில் இருக்கிறாள். விடியலில் வெட்டிய மரத்திலிருந்து பால் சேர்த்து, கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்தால்தான் அவளுக்கு அன்றைய பேர் விழும். அரைப் பேரை இழந்து வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து, கட்டட நிதிக்கு எவ்வளவு தருவீர்கள் என்ற கேள்வியைக் கேட்க ஏன் வர வேண்டும்? பின்னேரம் மூன்று மணிக்குத் தோட்டத்திலேயே கூட்டம் வைத்த அதிபர்களும் இருக்கிறார்கள். கூட்டக் குறிப்பேட்டில் இரண்டு விஷயம் பார்த்தால் போதும்: நேரம் என்ன, பிள்ளையின் படிப்பைப் பற்றி எத்தனை வரி எழுதியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் அதிபரே. பழைய மாணவர்களுக்கும் அங்கே இடமுண்டு. ஆனால் அதிபரைப் பற்றிய கேள்வியை அவர் தலைமையிலேயே கேட்க வேண்டியிருக்கிறது. ஆகவே குணத்தைப் பற்றிப் பேசாமல் ஏட்டைப் பற்றிக் கேட்பதே நல்லது. "சேர், தரம் 10 இடாப்பை ஒருமுறை பார்க்கலாமா?" என்றால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

மாணவர் நலனுக்கு நாங்கள் கண்டுபிடித்த அளவுகோல் வரவுப் பதிவேடுதான். தரம் 8 இலிருந்து மேலே பெண் பிள்ளைகளின் வரவை மட்டும் தனியே எடுங்கள். ஒரே பிள்ளை மாதம்தோறும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வராமலிருந்தால், அதுபோலப் பல பிள்ளைகள் இருந்தால், கழிவறையில் தண்ணீர் இல்லை, அல்லது கதவுக்குக் கொக்கி இல்லை. போய்ப் பார்த்தோம், கொக்கி இல்லை. சில நூறு ரூபாய்ச் சாமான். அடுத்தது மழை. 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. மலைச்சரிவு லயங்களிலிருந்து வரும் பிள்ளைகள் யார் யார் என்ற பட்டியல் அதிபரின் மேசையில் இருக்கிறதா, கடும் மழையில் அவர்களை யாருடன் அனுப்புகிறார் என்று கேளுங்கள்.

மேலிடத்திலும் மதிப்பீடு இல்லாமலில்லை. வருடாந்தம் செயலாற்றுகைப் படிவம் நிரப்பப்படுகிறது. பாடசாலைக்கு உள்ளக மதிப்பீடும் வெளி மதிப்பீடும் உண்டு. ஆனால் லயத்தில் தம்பியோடு நின்ற பிள்ளை எந்தப் படிவத்திலும் இல்லை. அவளைத் தெரிந்தவர்கள் நாம்தான். ஒவ்வொரு தோட்டத்திலும் நம்மில் ஒருத்தியாவது இருக்கிறாள்.

அதனால் செயற்குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. இந்த வருடம் பெறுபேறு வந்தவுடன் பொன்னாடை இல்லை. முதலில் தரம் 6 இடாப்பை எடுத்து, பெயர் பெயராக, யார் எங்கே என்று குறிப்போம். லயத்தில் கண்ட பிள்ளை அடுத்த முறை தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுகிறாள். விண்ணப்பத்தை நாங்களே நிரப்பிக் கொடுத்தோம். மற்றப் பதினாறு பேரில் ஒன்பது பேரின் விலாசம் கிடைத்திருக்கிறது. மீதி ஏழு பேரின் பட்டியல் வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது பார்த்து, தெரிந்த பெயர் இருந்தால் அடையாளமிட்டுவிட்டுப் போங்கள்.