வல்லினம் மிகுமா? மீள்பார்வைப் பாடத்திலிருந்து ஒரு வினாப் பலகை



தேர்வுக்கு முந்திய வாரத்தில் வகுப்பறைகளில் படவில்லைகளைக் கொண்டு புதிர்ப்போட்டி நடத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. திரையில் கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. கட்டத்தைத் தொட்டால் வினா வருகிறது. குழுக்கள் மதிப்பெண் குவிக்கின்றன. இத்தகைய பலகை ஒன்றை எவ்வாறு அமைப்பது என்பதை ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு இன்று நாம் காண்போம். அப்பாடம் உயர்நிலை வகுப்புகளில் மாணவர் பெரிதும் இடர்ப்படும் ‘வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள்’ என்பது.

இப்பாடம் நூல்களில் பெரும்பாலும் எவ்வாறு அமைந்திருக்கிறது? முதலில் மிகும் இடங்கள் எண்ணிட்டு வருகின்றன. அடுத்து மிகா இடங்கள் எண்ணிட்டு வருகின்றன. கற்பிப்பதற்கு இவ்வரிசை நல்லது. மீள்பார்வைக்கு இதுவே தடையாகிறது. பட்டியலின் முற்பகுதியிலிருந்து கேட்டால் ‘மிகும்’, பிற்பகுதியிலிருந்து கேட்டால் ‘மிகாது’ என்று மாணவர் விடை கூறிவிடுவர். அவ்விடை சொல்லை நோக்கிப் பிறந்ததன்று. பக்கத்தை நோக்கிப் பிறந்தது. கட்டுரை எழுதும்போது எந்தப் பக்கமும் துணைக்கு வராது. ஆகவே பாடத்தின் வரிசையைக் கலைப்பதே பலகை அமைப்போரின் முதல் வேலை.

பலகையின் நிரல்களுக்குத் தலைப்பிடும்போது பலர் ‘வேற்றுமை’, ‘பெயரெச்சம்’, ‘வினைத்தொகை’, ‘பண்புத்தொகை’ என்று இலக்கண வகைகளையே எழுதுகின்றனர். பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். ஆனால் ‘வினைத்தொகை’ என்னும் தலைப்பின்கீழ் ‘சுடு + சோறு’ என்று கேட்டால், கண்டறிய வேண்டியதைத் தலைப்பே சொல்லிவிட்டது. மாணவர் அறிய வேண்டுவது வினைத்தொகையில் மிகாது என்னும் விதி மட்டுமன்று. தம் முன் நிற்கும் சொல் வினைத்தொகைதான் என்பதையும் அவரே அறிய வேண்டும். கடினமான பகுதி அதுவே. எனவே தலைப்புகள் இலக்கண வகையைக் குறிக்காமல், செய்ய வேண்டிய செயலைக் குறிக்கட்டும். நாம் கொள்ளும் நான்கு தலைப்புகள் இவை: இணைத்து எழுது, காரணம் சொல், பொருள் காண், பிழை நீக்கு. ஒவ்வொன்றின்கீழும் 10, 20, 30 என மூன்று கட்டங்கள். மொத்தம் 12 வினாக்கள். ஒரு வினாவுக்கு மூன்று நிமிடம் என்றால் 36 நிமிடம் ஆகும். ஒரு பாடவேளைக்கு அதுவே போதும். 25 கட்டங்கள் கொண்ட பெரிய பலகையைப் பாதியில் மணியடித்து நிறுத்துவதில் யாருக்கும் நிறைவு இல்லை.

இனி வினாக்கள். ‘வல்லினம் மிகுமா, மிகாதா?’ என்று மட்டும் கேட்பதை நாம் தவிர்க்கிறோம். இரண்டே விடைகள் உள்ள வினாவில் கண்ணை மூடிச் சொன்னாலும் பாதி சரியாகிவிடும். அதற்கு மாறாக, ஒன்றுபோல் தோன்றி வேறுபடும் சொற்களை அருகருகே நிறுத்துகிறோம். ‘இணைத்து எழுது’ என்னும் நிரலில் 30 மதிப்பெண்ணுக்குரிய வினாவைப் பாருங்கள்: ‘படித்து + பார்த்தான்’, ‘வந்து + பார்த்தான்’, ‘எழுதி + பார்த்தான்’. மூன்றும் வினையெச்சங்கள்; வருமொழியும் ஒன்றே. வினையெச்சத்தின் பின் வல்லினம் மிகும் என்று பொதுப்படையாக மனத்தில் பதித்த மாணவர் மூன்றிலும் ஒற்றிடுவார். விடை ‘படித்துப் பார்த்தான், வந்து பார்த்தான், எழுதிப் பார்த்தான்’ என்பதாகும். ‘படித்து’ வன்தொடர்க் குற்றியலுகரம், ஆதலின் மிகுந்தது. ‘வந்து’ மென்தொடர், ஆதலின் மிகவில்லை. ‘எழுதி’ இகரத்தில் முடிந்த வினையெச்சம், ஆதலின் மிகுந்தது. தவறான விடை எங்கிருந்து பிறக்கும் என்பதை அறிந்து ஆக்கிய வினா இது. இத்தகைய வினாக்களுக்கு மாணவரின் பழைய கட்டுரை ஏடுகளைவிடச் சிறந்த மூலம் இல்லை.

‘காரணம் சொல்’ என்னும் நிரலில் விடையை நாமே எழுதிக் காட்டுகிறோம். ‘கதையைச் சொன்னாள், கதை சொன்னாள். முன்னதில் ஒற்று வந்தது, பின்னதில் வரவில்லை. ஏன்?’ இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு நின்றால் மிகும். தொகையாக மறைந்தால் மிகாது. பொருள் மாறவில்லை, அமைப்பு மாறிற்று என்பதை மாணவர் தம் சொற்களில் எழுத வேண்டும்.

‘பொருள் காண்’ என்னும் நிரல் நமக்கு மிகவும் பிடித்தது. ‘தந்த பலகை, தந்தப் பலகை: இரண்டுக்கும் என்ன வேறுபாடு?’ முன்னது ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்த’ என்பது பெயரெச்சம். பின்னது யானைத் தந்தத்தாலான பலகை. ஓர் எழுத்து ஒரு பொருளையே மாற்றிவிடுகிறது. ஒற்றுப்பிழை சிறு பிழைதானே என்று எண்ணும் மாணவரிடம் நீண்ட விளக்கம் கூறுவதைவிட இவ்வொரு கட்டம் மிகுதியாகப் பேசும்.

‘பிழை நீக்கு’ நிரலில் 30 மதிப்பெண்ணுக்கு ஒரு தொடர்: ‘அந்த கடைக்கு சென்று பச்சை குடை வாங்கி கொடுத்தாள்.’ எத்தனை பிழைகள் என்று வினாவில் சொல்லக் கூடாது; சொன்னால் மாணவர் எண்ணிக்கையை நிரப்பத் தொடங்கிவிடுவர். திருத்திய வடிவம் ‘அந்தக் கடைக்குச் சென்று பச்சைக் குடை வாங்கிக் கொடுத்தாள்’ என்பது. நான்கு இடங்களில் ஒற்று வேண்டும். ‘சென்று’ என்பதன் பின் வேண்டா. ஆனால் கை தானாகவே அங்கும் ஒற்றிடப் போகும். வேண்டாத இடத்தில் இட்ட ஒற்றுக்கும் மதிப்பெண் குறையும் என்பதை முன்பே அறிவித்துவிடுங்கள்.

இவ்வினாக்களைப் பவர்பாயிண்டில் அமைக்கும் முறைக்கு வருவோம். முதற்படவில்லையே பலகையாக இருக்கட்டும். அதற்கு முன் தலைப்புப் படவில்லை எதுவும் வேண்டா. இதன் காரணம் உடனே விளங்கும். இரண்டாம் படவில்லை வினா, மூன்றாம் படவில்லை அதன் விடை. வினாப் படவில்லையில் ‘விடை’ என்று ஒரு பொத்தான் வரைந்து, Insert, Link, Place in This Document என்று சென்று Next Slide என்பதனோடு இணையுங்கள். விடைப் படவில்லையில் ‘பலகை’ என்று ஒரு பொத்தான்; அதனை First Slide என்பதனோடு இணையுங்கள். பிறகு இவ்விரு படவில்லைகளையும் சேர்த்துத் தேர்ந்து, Ctrl+D அழுத்தி 11 முறை படியெடுங்கள். ‘மூன்றாம் படவில்லை’ என்று குறிப்பாக இணைத்திருந்தால், படியெடுத்த எல்லா வினாக்களும் அந்த ஒரே விடைக்குத்தான் செல்லும். ‘அடுத்தது’, ‘முதலாவது’ என்று இணைத்ததால் ஒவ்வொரு படியும் தன் விடையைத் தானே கண்டுகொள்கிறது. 24 இணைப்புகளைக் கையால் இடும் வேலை இரண்டாகச் சுருங்கிவிட்டது.

எஞ்சியிருப்பவை பலகையின் 12 இணைப்புகள். அவற்றைக் கையால்தான் இட வேண்டும். இங்கே ஒரு நுட்பம். இணைப்பிடும்போது தோன்றும் பட்டியலில் படவில்லைகளின் தலைப்புகள் காட்டப்படும். தலைப்புக்கென அமைந்த பெட்டியில் எதுவும் எழுதாவிட்டால் Slide 2, Slide 4 என்று வெறும் எண்களே வரும். எது எவ்வினா என்று தெரியாமல் தடுமாறுவோம். ஆகவே ஒவ்வொரு வினாப் படவில்லையின் தலைப்புப் பெட்டியிலும் ‘பொருள் காண் 20’ என்பதுபோல் எழுதிவிடுங்கள். சோதித்துப் பார்க்கும்போதும் கட்டமும் வினாவும் பொருந்துகின்றனவா என்று இத்தலைப்பே காட்டிக்கொடுக்கும்.

கட்டத்துக்குள் இருக்கும் எண்ணைத் தேர்ந்து அந்த எழுத்துக்கே இணைப்பிடுங்கள். கட்டம் முழுவதற்கும் அன்று. எழுத்துக்கு இட்ட இணைப்பு, ஒருமுறை திறக்கப்பட்டதும் நிறம் மாறும். Design பகுதியில் Variants, Colors, Customize Colors என்று சென்று Followed Hyperlink என்பதற்குக் கட்டத்தின் நிறத்தையே கொடுத்துவிட்டால், கேட்டு முடித்த வினாவின் எண் பலகையிலிருந்து மறைந்துவிடும். எண்ணுக்குத் தனியாக வேறு நிறம் இட வேண்டா. கோப்பை மூடி மீண்டும் திறந்தால் எண்கள் திரும்ப வந்துவிடும். அடுத்த வகுப்புக்கு அதுவே பயன்படும்.

இவ்வசதிக்கு ஒரு விலை உண்டு. எழுத்து சிறியது, சுட்டி சற்றே விலகி வெற்றிடத்தில் பட்டால், பலகை அடுத்த படவில்லைக்குத் தாவி, யாரும் கேளாத வினா திரையில் தோன்றும். வினாப் படவில்லையில் அவ்வாறு நேர்ந்தாலோ, மாணவர் எழுதி முடிக்கும் முன்பே விடை வெளிப்பட்டுவிடும். இதைத் தடுக்க Slide Show பகுதியில் Set Up Slide Show என்பதைத் திறந்து Browsed at a kiosk (full screen) என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதன்பின் நாம் இட்ட இணைப்புகள் மட்டுமே இயங்கும். தவறிய தொடுதலும் விசைப்பலகையின் அம்புக்குறியும் படவில்லையை நகர்த்தா. வகுப்புக்கு முன் ஒருமுறை, வேண்டுமென்றே கட்டங்களுக்கு வெளியே தட்டிப் பாருங்கள். பலகை அசையாமல் நின்றால் ஆயத்தம் முடிந்தது.

விடைப் படவில்லையில் விடை மட்டும் போதாது. அதன்கீழ் ஒரே வரியில் காரணமும் இருக்க வேண்டும். மாணவர் முகம் மிகக் கூர்மையாகத் திரையை நோக்குவது தம் விடை சரியா என்று பார்க்கும் அந்தச் சில நொடிகளில்தான். விதியைக் கூற அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கைதட்டல் ஒலியும் பறக்கும் எழுத்துகளும் அந்நேரத்தைத் தின்றுவிடுகின்றன என்பது நம் கருத்து.

இறுதியாக ஆடும் முறை. முதலில் கைதூக்கியவருக்கே வாய்ப்பு என்று வைத்தால், விரைந்து பேசும் நால்வர் ஆடுவர், ஏனையோர் பார்ப்பர். கட்டத்தைத் தேர்வது மட்டும் குழுக்களின் முறைப்படி நடக்கட்டும். வினா தோன்றியதும் எல்லாக் குழுக்களும் சிறு வெண்பலகையில் எழுத வேண்டும். ஆசிரியர் சொன்னதும் ஒருங்கே உயர்த்திக் காட்ட வேண்டும். எழுதும் கை ஒவ்வொரு வினாவுக்கும் மாறட்டும். சரியாக எழுதிய ஒவ்வொரு குழுவுக்கும் மதிப்பெண் உண்டு. ஆசிரியர் தம் தாளில் அதே பலகையை வரைந்து, எந்தக் கட்டத்தில் எத்தனை குழுக்கள் தவறின என்று குறித்துக்கொள்ளலாம். ஐந்து குழுக்களில் நான்கு ‘வந்துப் பார்த்தான்’ என்று எழுதியிருந்தால், மறுநாள் வகுப்பு குற்றியலுகரத்திலிருந்து தொடங்க வேண்டும்.