மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்து



சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினார். தலித் பெண் ஒருவரின் தன்வரலாற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார். இரண்டு ஆண்டு உழைப்பு, கூலி இருபதாயிரம் ரூபாய். உரிமை முழுவதும் பதிப்பகத்துக்கு. பெயர் போடுவது பதிப்பகத்தின் விருப்பம். நூலால் எழும் எந்த வழக்குக்கும் மொழிபெயர்ப்பாளரே பொறுப்பு. இப்படி மூன்று விதிகள்.

முதல் இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, மொழிபெயர்க்க அனுமதிக்கும் உரிமை மூல ஆசிரியருடையது. அனுமதி பெற்றுச் செய்த மொழிபெயர்ப்போ தனிப் படைப்பு. சம்பள வேலையின் பகுதியாகச் செய்யாதவரை, அதன் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கே. எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தே ஆண்டு. அதனால்தான் 'பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்று சேர்த்துவிடுகிறார்கள். அது அவர் இறந்து 60 ஆண்டுவரை நீளும்! உரிமையை விற்றாலும், படைத்தவர் தாமே என்று கோரும் உரிமை 57ஆம் பிரிவின்படி அவரிடமே நிற்கும். ஆனால் பெயர் அட்டையிலா உள்பக்கத்திலா என்பதை ஒப்பந்தத்தில்தான் எழுதி வாங்க வேண்டும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாத பண்ணையாரின் பெயர் அந்த நூலில் வருகிறது. அவர் உயிரோடு இருக்கிறார். அவதூறு வழக்குப் போட்டால், வக்கீல் செலவையும் நஷ்டஈட்டையும் பதிப்பகம் இந்த மாணவியிடம் கேட்கலாம். அந்தப் பெயரை எழுதியவர் அவரல்ல. நடந்ததைச் சரிபார்க்கும் வழியும் அவருக்கில்லை. இது வெறும் கற்பனைப் பயமல்ல. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' மீது எழுந்த எதிர்ப்பு, அதை ஆங்கிலத்தில் தந்த அனிருத்தன் வாசுதேவனையும் தொட்டது. அவருக்கு அறிவிக்கப்பட்ட சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது.

ஆகவே மாற்று விதி ஒன்றை எழுதிக் கொடுத்தோம். மூலத்தில் உள்ளவற்றுக்கு மூல ஆசிரியரும் பதிப்பகமும் பொறுப்பு. மொழிபெயர்ப்பாளர், தாம் சேர்த்த முன்னுரைக்கும் குறிப்புகளுக்கும், மூலத்தில் இல்லாததை நுழைக்கவில்லை என்பதற்கும் மட்டுமே பொறுப்பு. அந்தப் பொறுப்பும் அவர் வாங்கிய தொகைக்கு மேல் போகாது. அவர் ஒப்புதலின்றிப் பதிப்பாசிரியர் திருத்தியது அவர் கணக்கில் வராது. சட்டச் சிக்கலுக்காகப் பண்ணையாரின் பெயரை மாற்றினால், மூல ஆசிரியரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். நம் தன்வரலாறுகளில் பெயர்தானே சாட்சி. அதை ஓசையில்லாமல் அழிக்கக் கூடாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த விதி பதிப்பகத்துக்கும் அவருக்கும் இடையே மட்டுந்தான் செல்லும். பண்ணையார் நேரே அவர்மேல் வழக்குப் போடுவதை எந்த ஒப்பந்தமும் தடுக்காது. அதனால், அப்படி நேர்ந்தால் வக்கீல் செலவைப் பதிப்பகமே ஏற்கும் என்றும் சேர்த்தோம்.

பதிப்பகம் பெயரை அட்டையில் போட ஒப்புக்கொண்டது. பொறுப்பைக் கூலியளவுக்குச் சுருக்கியது. வக்கீல் செலவை மட்டும் ஏற்கவில்லை. மாணவி ஒரு வாரம் யோசித்தார். பிறகு, உரிமையை ஐந்தாண்டுக்கு மட்டும் கொடுத்துக் கையெழுத்திட்டார்.