தெரியாத கணக்கை நம்புமுன் அதன் வயதைக் கேளுங்கள்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் அணியினரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில மாதங்களுக்கு முன் நமது அங்கத்தவரான ஒரு தாய் தம் மகனோடு சங்கக் காரியாலயத்துக்கு வந்தார். கையில் அடகுக் கடைக்குப் போகவிருந்த ஒரு சோடித் தோடு. ருமேனியாவில் தொழிற்சாலை வேலை என்று பேஸ்புக்கில் ஒரு பக்கம் விளம்பரம் போட்டிருக்கிறது. பதிவுக் கட்டணம் என்று 5,000 ரூபா ஏற்கெனவே அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் 1,50,000 ரூபா கட்ட வேண்டுமாம். "கட்டலாமா ஐயா?" என்று அந்தத் தாய் கேட்டார்.

நாங்கள் கட்டுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகனின் போனை மேசையில் வைத்து, அவரோடு சேர்ந்து அந்தப் பக்கத்தை அரை மணித்தியாலம் பார்த்தோம். பார்த்த முறையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறோம்.

முதலில் பார்த்தது வயது. பேஸ்புக் பக்கத்தில் About என்ற இடத்துக்குள் Page transparency என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் பக்கம் தொடங்கிய திகதியும், இதுவரை மாற்றிய பெயர்களும் தெரியும். சில பக்கங்களுக்கு, அதை நடத்துபவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றும் காட்டும். இந்தப் பக்கம் தொடங்கியது 2019இல். "ஐந்தாறு வருசமா நடத்துறாங்க, பொய்யா இருக்காது" என்றார் மகன். ஆனால் அதற்குக் கீழே பெயர் வரலாறு இருந்தது. தொடங்கும்போது அது சினிமாப் பகிடிப் பக்கம். பிறகு போன் உறை விற்கும் கடை. வேலைவாய்ப்புப் பெயர் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆட்கள் சேர்ந்த பழைய பக்கங்களை விலைக்கு வாங்குகிறவர்களும், கடவுச்சொல்லைத் திருடிப் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பக்கம் எப்போது தொடங்கியது என்று மட்டும் கேட்கக்கூடாது. இந்தப் பெயரில் இந்த வேலையை எவ்வளவு காலமாகச் செய்கிறது என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, அது தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தோம். "அரசாங்க அனுமதி பெற்ற நிறுவனம், 100 வீதம் நம்பிக்கை" என்று இருந்தது. அனுமதிப்பத்திர இலக்கம் இல்லை. காரியாலய முகவரி இல்லை. நிலையான தொலைபேசி இல்லை. ஒரு வாட்ஸ்அப் இலக்கம் மட்டும். அறிமுகக் குறிப்பை வாசிக்கும்போது ஒரு கேள்வி போதும்: இதில் நாம் போய்ப் பார்க்கக்கூடியது, அல்லது வேறொருவரிடம் கேட்டுச் சரிபார்க்கக்கூடியது ஏதாவது உண்டா? "நம்பிக்கை" என்ற சொல்லை யாரிடமும் சரிபார்க்க முடியாது. ஓர் இலக்கத்தைச் சரிபார்க்கலாம்.

மூன்றாவது, பழைய பதிவுகள். கீழே தள்ளிக்கொண்டே போனோம். வேலை விளம்பரம் எல்லாமே கடந்த ஏழு வாரத்துக்குள் போட்டவை. அதற்கு முன் ஒரு பெரிய வெற்றிடம். பழையவற்றை அழித்திருக்கிறார்கள். ஒரேயொரு பதிவு மட்டும் 2021 என்ற திகதியில், "எங்களால் போன முதல் குழு" என்று விமான நிலையப் படத்தோடு இருந்தது. மகனுக்கு அதைப் பார்த்துத்தான் நம்பிக்கை வந்ததாம். பேஸ்புக்கில் இன்று போடும் பதிவுக்குப் பழைய திகதி கொடுக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் மற்றவர்கள் எழுதும் கருத்தின் திகதியை அவர்களால் மாற்ற முடியாது. அந்தப் படத்தின் கீழிருந்த கருத்துகளைப் பார்த்தோம். ஒன்றுகூட 2021ஐச் சேர்ந்தது இல்லை. எல்லாம் கடந்த மாதத்தவை. உண்மையாகவே நான்கு வருடத்துக்கு முன் போட்ட படமென்றால் அன்றைக்கு ஒருவராவது வாழ்த்துச் சொல்லியிருக்க மாட்டாரா?

நான்காவது, சுற்றியிருப்பவர்கள் யார். அந்தப் பக்கத்தை 18,000 பேர் பின்தொடர்கிறார்கள். ஆனால் ஒரு பதிவுக்கு விருப்பம் போட்டவர்கள் இருபது முப்பது பேர். அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் திறந்தோம். பலவற்றில் படம் இல்லை, பதிவு இல்லை. வேறு சில, இந்த வேலைக்கோ நமது மொழிக்கோ சம்பந்தமே இல்லாத தூரத்து நாட்டுக் கணக்குகள். பின்தொடர்பவர்களையும் காசு கொடுத்து வாங்கலாம். "நன்றி சார், விசா கிடைத்தது" என்று எழுதிய மூன்று பேரும் ஒரே மாதத்தில் கணக்குத் திறந்தவர்கள்.

இன்னொன்று. மகனோடு வாட்ஸ்அப்பில் பேசியவருக்குத் தனிப் பேஸ்புக் கணக்கும் இருந்தது. அதில் நமது பகுதிப் பிள்ளைகள் பதினான்கு பேர் பொது நண்பர்கள். "நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்சவர்தானே" என்றார் தாய். அங்கிருந்தே ஐந்து பேருக்குப் போன் எடுத்தோம். ஐந்து பேரும் சொன்னது ஒன்றுதான்: "ரிக்குவெஸ்ட் வந்துச்சு, எடுத்தேன். ஆள் யாருன்னு தெரியாது." ஒருவரைப் பார்த்து ஒருவர் நம்பியிருக்கிறார்கள். அவரை நேரில் கண்டவர் ஒருவரும் இல்லை.

இங்கே ஒரு விடயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த நான்கும் அடையாளங்கள் மட்டுமே. நமது தோட்டக் கமிட்டி நாளைக்கே ஒரு பக்கம் திறந்தால் அதற்கும் வயது ஒரு நாள்தான், பின்தொடர்பவர் பத்துப் பேர்தான். அதனால் அது பொய்யாகிவிடாது. மறுபக்கம், பத்து வருடம் ஒழுங்காக இருந்த உங்கள் உறவினரின் கணக்கையே ஒருவன் திருடி "அவசரமா காசு போடு" என்று எழுதலாம். ஓர் அடையாளம் மட்டும் பிழையாக இருந்தால் சந்தேகப்படுங்கள், விசாரியுங்கள். நான்கும் ஒரே பக்கம் சாய்ந்தால் காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கும் சரியாக இருந்தாலும் சொன்ன விடயத்தை வெளியே சரிபார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

வெளிநாட்டு வேலையென்றால் சரிபார்க்கும் இடம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். 1989 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அனுமதி பெற்ற முகவர்களின் பட்டியல் slbfe.lk என்ற இணையத்தளத்தில் இருக்கிறது. இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த நிறுவனத்துக்கு இன்று செல்லுபடியான அனுமதிப்பத்திரம் உண்டா? இந்த நாட்டுக்கு, இந்த வேலைக்கு ஆட்களை அனுப்பப் பணியகம் அங்கீகாரம் கொடுத்திருக்கிறதா? மோசடிக்காரர் உண்மையான முகவரின் பெயரையும் இலக்கத்தையும் களவாகப் போடுவதும் உண்டு. அதனால் விளம்பரத்திலுள்ள தொலைபேசிக்கு அழைக்காமல், பணியகம் தரும் இலக்கத்துக்கு அழைத்து "இந்த விளம்பரம் உங்களுடையதா?" என்று கேளுங்கள்.

அன்றைக்கு அந்தத் தாயும் அழைத்தார். அப்படியொரு பெயரில் அனுமதி பெற்ற முகவர் இல்லை என்று பதில் வந்தது. மகன் வாட்ஸ்அப்பில் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டார். ஐந்து நிமிடத்தில் அவரைத் தடுத்துவிட்டார்கள். 5,000 ரூபா இன்னும் திரும்பி வரவில்லை. பணம் போட்ட வங்கிச் சிட்டையையும், பக்கத்தையும் உரையாடலையும் படம்பிடித்தவற்றையும் வைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். தோடு தாயின் காதில் இருக்கிறது.

இப்படியொரு விளம்பரம் உங்கள் லயத்தில் யாருடைய போனுக்காவது வந்தால், காசு அனுப்புமுன் அந்தப் போனோடு தோட்டத் தலைவரிடமோ மாதர் அணித் தலைவியிடமோ வாருங்கள். ஏற்கெனவே காசு போயிருந்தால் வெட்கப்பட்டு உரையாடலை அழித்துவிடாதீர்கள். முறைப்பாட்டுக்கு அதுதான் சாட்சி.