சிறு சுவிட்சாகத் திரிதடையம்

ஷா ஆலமில் மின்னணுவியல் டிப்ளோமா முதலாண்டு பயிலும் மாணவர்களை எண்ணி இவ்வுரையை அமைத்துள்ளேன்.

1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் முதன்முதலாக இயங்கிய டிரான்சிஸ்டரைத் தமிழில் திரிதடையம் என்கிறோம். மின்தடை மாறுவதைச் சுட்டும் பெயர் அது. ஆயினும் அதைச் சுவிட்சாகப் பயன்படுத்தும்போது, தடை இடைப்பட்ட நிலையில் நிற்பதே பிழையாகிவிடுகிறது. ஓர் எளிய சுற்றைக் கொண்டு இதனை விளக்குகிறேன்.

5 வோல்ட்டில் இயங்கும் ரிலே ஒன்றின் கம்பிச்சுருள் 70 ஓம் தடை உடையது எனக் கொள்வோம். அதற்கு ஏறக்குறைய 70 மில்லி ஆம்பியர் தேவை. நுண்கட்டுப்படுத்தியின் முனையோ 20 மில்லி ஆம்பியர் அளவே தாங்கும். ஆகவே இடையில் பி.சி.547 என்னும் திரிதடையத்தை வைக்கிறோம். அதில் உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என மூன்று முனைகள் உள்ளன. உமிழ்ப்பானைவிட அடிவாய் 0.7 வோல்ட் அளவுக்கு உயர்ந்ததும் உமிழ்ப்பானிலிருந்து எலக்ட்ரான்கள் அடிவாய்ப் படலத்துள் பாய்கின்றன. அப்படலம் மிக மெல்லியது. எனவே பெரும்பாலானவை அங்குத் தங்காமல் ஏற்பானுக்குக் கடந்துவிடுகின்றன. சிறு அடிவாய் மின்னோட்டம் பெரிய ஏற்பான் மின்னோட்டத்தை ஆள்வது இவ்வாறுதான்.

மாணவர் ஒருவர் அடிவாயில் 10 கிலோ ஓம் தடையை இணைத்தார் என்க. எஞ்சிய 4.3 வோல்ட்டைத் தடையால் வகுத்தால் அடிவாய்க்குக் கிடைப்பது 0.43 மில்லி ஆம்பியர். இவ்வகைத் திரிதடையத்தின் பெருக்கம் 110 முதல் 800 வரை வேறுபடும். ஒரே பையில் வாங்கிய இரண்டுகூட ஒத்திருப்பதில்லை. பெருக்கம் 110 எனில் ஏற்பானில் 47 மில்லி ஆம்பியரே ஓடும். சுருளுக்கு 3.3 வோல்ட் சேரும், மீதி 1.7 வோல்ட் திரிதடையத்தின்மேல் நிற்கும். இத்தகைய ரிலேக்களுக்குப் பொதுவாக 3.75 வோல்ட்டாவது வேண்டும் என்பதால் 'டிக்' ஒலி எழாது. ஏற்பானுக்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் அந்த 1.7 வோல்ட் குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தீர்வு, பெருக்கத்தை நம்பாதிருத்தல். தெவிட்டு நிலையைக் குறிக்கும் தரவுத்தாளே 100 மில்லி ஆம்பியருக்கு 5 மில்லி ஆம்பியர், அதாவது இருபதில் ஒரு பங்கு, அடிவாய்க்குக் கொடுத்துத்தான் அளக்கிறது. நாமும் 70-ஐ 20-ஆல் வகுத்தால் 3.5 மில்லி ஆம்பியர். 1 கிலோ ஓம் வைத்தால் 4.3 கிடைக்கும், போதும். இப்போது மல்டிமீட்டர் ஏறக்குறைய 0.2 வோல்ட் காட்டும். திரிதடையத்தில் முன்பு 80 மில்லி வாட்டாக இருந்த வெப்ப இழப்பு 14-ஆகக் குறையும், மின்னோட்டம் கூடியபோதும்!

நிறுத்தும் நொடியையும் மறவாதீர்கள். மின்னோட்டம் திடீரெனத் தடைப்படும்போது சுருள் எழுப்பும் உயர் மின்னழுத்தம் பி.சி.547 தாங்கும் 45 வோல்ட்டைத் தாண்டக்கூடும். சுருளுக்குக் குறுக்கே, வழங்கல் மின்னோட்டத்திற்கு எதிர்த்திசையில் ஒரு டையோடை இணைத்தால், அந்த ஆற்றல் சுருளுக்குள்ளேயே சுழன்று தணியும்.