வட்டியில்லாக் கடன் திட்டம்: எல்லோருக்கும் புரியும்படி

(திட்ட விளக்கக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





கணக்காளர் எழுதித் தந்த திட்டத்தில் "சுழல் நிதி 4,00,000, வாராக்கடன் ஒதுக்கீடு 10 சதவீதம், தவணை விலக்குக் காலம் 2 மாதம்" என்றிருந்தது. கணக்கில் குறையில்லை. ஆனால் நம் வீடுகளில் இதைப் படிப்பவர்கள் வேறு பொருள் கொள்வார்கள்.

10 சதவீதம் என்றதும் வட்டி என்றே தோன்றும். அது கடன் வாங்குபவர் தரும் பணமே அல்ல. ஆகவே சதவீதத்தை எடுத்துவிட்டு, "40,000 ரூபாயை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்போம். திரும்பி வராத கடனை அதிலிருந்து சரிசெய்வோம்" என்று எழுதினோம்.

தவணை விலக்கு என்றால் இரண்டு தவணை தள்ளுபடி என்று நினைக்க இடமுண்டு. அதற்குத் தேதிதான் மருந்து. ஜனவரியில் 18,000 ரூபாய் வாங்கினால் பிப்ரவரி, மார்ச்சில் கட்ட வேண்டாம். ஏப்ரல் முதல் மாதம் 1,000 வீதம் 18 மாதம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் முடியும். வாங்கியதும் 18,000, கட்டுவதும் 18,000.

சுழல் நிதியை விளக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. மீதி 3,60,000 ரூபாயை ஜனவரியில் 20 பேருக்குக் கொடுத்தால் பெட்டி காலி. ஏப்ரலில் 20 பேரும் கட்டினால் 20,000 வரும். 21ஆவது நபருக்குக் கடன் கிடைக்கும். மூன்று பேர் கட்டாவிட்டால் 17,000தான். அவர் காத்திருக்க வேண்டியதுதான். தவணை ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஜாமீன் விஷயம்தான் குடும்பங்களைப் பிரிப்பது. "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்ற வரியைச் சாட்சிக் கையெழுத்து என்று எண்ணிப் போட்டுவிடுகிறார்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. எனவே, "அவர் கட்டாவிட்டால் மீதியை உங்களிடம் கேட்போம். ஐந்து தவணையோடு நின்றால் அது 13,000 ரூபாய்" என்று கையெழுத்துக்கு மேலேயே எழுதியிருக்கிறோம்.

இன்னொன்று. "இறப்பு நேரின் தகுந்த நிவாரணம்" என்ற வரியை எளிமையாக்க முடியவில்லை; ஏனெனில் அதில் முடிவே இல்லை. கடன் வாங்கியவர் மௌத்தானால் யார் கட்டுவது? நிர்வாகக் குழு கூடிப் பேசி, மீதியை அந்த 40,000 ரூபாயிலிருந்து அடைப்பது, வாரிசையோ ஜாமீன்தாரரையோ கேட்பதில்லை என்று தீர்மானித்தது. அதன் பிறகே அந்த வரியை எழுதினோம். பத்திரத்திலும் அப்படியே மாற்றியாயிற்று.

சட்டச் சொற்கள் உள்ள பத்திரம் அப்படியே இருக்கும், கையெழுத்து அதில்தான். இந்த ஒற்றைத் தாள் அதற்கு முன்னால் படிக்க. படித்தபின் "புரிந்ததா?" என்று கேட்க மாட்டோம், எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். "முதல் தவணை எந்த மாதம்? அவர் நிறுத்தினால் உங்களிடம் எவ்வளவு கேட்போம்?" என்று கேட்போம். பதில் வந்த பிறகே பேனாவைத் தருவோம்.