நின்ற இடத்தைச் சொல்லுங்கள்

(ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில், ஐந்தாம் வகுப்பை முடித்துச் செல்லும் மாணவர்களுக்கு அவர்களின் வகுப்பாசிரியர் ஆற்றிய விடைபெறும் உரை.)



நீங்கள் பதினான்கு பேர். மூன்றாம் வகுப்பிலிருந்து உங்களுக்குத் தமிழும் நான்தான், கணக்கும் நான்தான், ஆங்கிலமும் நான்தான். யாருக்குப் பல் விழுந்தது, யார் வீட்டு ஆடு குட்டி போட்டது என்பது வரை எனக்குத் தெரியும். ஒருவர் முகம் வாடியிருந்தால் நீங்கள் சொல்லாமலே கேட்டுவிடுவேன்.

ஜூன் மாதம் நீங்கள் போகப்போகும் உயர்நிலைப் பள்ளியில் அப்படி இருக்காது. பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருவார். மணி அடித்ததும் அவர் போவார், அடுத்தவர் வருவார். வகுப்பில் நாற்பது பேர் கூட இருக்கலாம். அந்த ஆசிரியர்களும் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் ஒரு நாளில் ஐந்தாறு வகுப்புக்குப் போக வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் கண்டுபிடிக்க அவர்களால் முடியாது. அதனால் இன்று உங்களுக்கு ஒரு கதை சொல்லி அனுப்புகிறேன். அதில் தப்புச் செய்தது நான்.

சில வருடங்களுக்கு முன், நீங்கள் இருக்கும் இதே இடத்தில் ஓர் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அமைதியானவன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். ஆகஸ்ட் மாதம் ஒரு மாலை, ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். சீருடையில் இல்லை. “ஏன்டா, பள்ளிக்கூடம் போகலையா?” என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, “கணக்கு பீரியட் பயமா இருக்கு டீச்சர்” என்றான். மூன்று வாரமாகப் போகவில்லை.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போய்க் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தேன். 618 ரூபாயை 6 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு எவ்வளவு? அவன் 13 என்று எழுதியிருந்தான். பக்கம் முழுவதும் இதே மாதிரித் தப்பு. அவன் அம்மா பழைய பெட்டியிலிருந்து நான் திருத்திய ஐந்தாம் வகுப்பு நோட்டையும் எடுத்து வந்தார். அதிலும் அதே தப்பு இருந்தது. நான் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் சரியான விடையை எழுதியிருக்கிறேன். அவன் அதைப் பார்த்து அழகாகத் திருத்தம் எழுதியிருக்கிறான். நானும் ‘சரி’ போட்டுவிட்டேன். ஏன் தப்பு வந்தது என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அன்று திண்ணையில் உட்கார்ந்து, காகிதத்தில் நோட்டுகள் வெட்டினோம். நூறு ரூபாய் நோட்டு ஆறு, பத்து ரூபாய் நோட்டு ஒன்று, ஒரு ரூபாய் எட்டு. ஆறு கூழாங்கற்களை ஆறு பேராக வைத்தோம். நூறு ரூபாய் ஆளுக்கு ஒன்று வந்தது. “இப்போ பத்து ரூபாயைக் கொடு” என்றேன். ஒரே நோட்டுதான் இருந்தது, ஆறு பேருக்கு எப்படிக் கொடுப்பது? யோசித்தான். “யாருக்கும் பத்து ரூபாய் நோட்டு கிடைக்காது டீச்சர். சில்லறையா மாத்தணும்” என்றான். மாற்றினோம். பத்தும் எட்டும் பதினெட்டு, ஆளுக்கு மூன்று. ஒரு கல்லின் முன்னால் நூறு ரூபாய் ஒன்று, பத்து ரூபாய் இல்லை, ஒரு ரூபாய் மூன்று. விடை 103.

அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “அந்த நடு சைபரைத்தான் நான் விட்டுட்டேனா டீச்சர்? பத்துல யாருக்கும் இல்லைன்னா எழுத வேண்டாம்னு நினைச்சேன்” என்றான்.

இவ்வளவுதான் குழந்தைகளே. ஒரே ஒரு சைபர். அதற்காக மூன்று வாரம் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தான்.

நானும் அவனும் சேர்ந்து போய் அவனுடைய கணக்காசிரியரைப் பார்த்தோம். அவர் திட்டவில்லை. “இது தெரிஞ்சிருந்தா முதல் நாளே சொல்லிக் கொடுத்திருப்பேனே தம்பி” என்றார். அந்த அண்ணன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் முதல் மதிப்பெண் எல்லாம் வாங்குவதில்லை. ஆனால் புரியாத இடத்தில் கை தூக்குகிறான்.

அதற்குப் பிறகுதான் நான் மாறினேன். இந்த ஜனவரியிலிருந்து நம் வகுப்பில் ‘புரியலை டீச்சர்’ என்று மட்டும் சொன்னால் உங்களை நான் விட்டதில்லை, நினைவிருக்கிறதா? எது வரைக்கும் புரிந்தது, எந்த வரியில் நின்றாய் என்று கேட்பேன். புதுப் பள்ளியிலும் அப்படியே சொல்லுங்கள். “சார், இந்த வரி வரைக்கும் புரிஞ்சுது, இங்கே நின்னுட்டேன்.” இப்படிச் சொன்னால் எவ்வளவு அவசரத்தில் இருக்கும் ஆசிரியருக்கும் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். வகுப்பில் கேட்கக் கூச்சமாக இருந்தால் மணி அடித்ததும் நோட்டோடு போய் நில்லுங்கள்.

கேட்பதற்கு முன், தப்பு இருக்கிறதா என்று நீங்களே பார்க்க ஒரு வழியும் உங்களுக்குத் தெரியும். 600 ரூபாயை 6 பேருக்குப் பிரித்தால் 100. அப்படியென்றால் 618க்கு விடை நூறுக்குக் கொஞ்சம் மேலேதான் வர வேண்டும். 13 என்று வந்தால் எங்கோ இடறியிருக்கிறோம். அந்த இடத்தைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கேளுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். நம் பிள்ளைகள் இங்கே உப்புமாவும் பொங்கலும் சாப்பிட்டுப் பழகிவிட்டார்கள். ஆறாம் வகுப்பில் மதியச் சத்துணவு உண்டு, காலையில் கிடையாது. பஸ்ஸுக்கு எட்டு மணிக்கே கிளம்ப வேண்டும். நீங்கள் விடியற்காலையிலேயே வேலைக்குப் போகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். பழைய சோறும் வெங்காயமும் போதும், வெறும் வயிற்றோடு மட்டும் அனுப்பாதீர்கள். பசியோடு இருக்கும் பிள்ளைக்கு முதல் இரண்டு பீரியட் காதில் ஏறாது. இன்னொன்று, பிள்ளை காரணம் சொல்லாமல் இரண்டு நாள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்றால் அடிக்காதீர்கள். நோட்டை எடுத்து வந்து என்னிடம் காட்டுங்கள்.

குழந்தைகளே, உங்கள் கையில் ஆளுக்கு ஒரு நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததை எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தில் இன்னும் நின்றுகொண்டிருக்கும் இடத்தை எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் பின்னங்களைக் கூட்டுவது என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் நீளமான ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படிப்பது என்று எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். ஜூனில் புது வகுப்பாசிரியரிடம் முதலில் அதைக் காட்டுங்கள். மீதிப் பக்கங்கள் அங்கே நீங்கள் நிற்கப்போகும் இடங்களுக்கு.

மாலை நான்கு மணிக்கு மேலும் கொஞ்ச நேரம் நான் இங்கேதான் இருப்பேன். வழியில் பார்த்தால் ஒளிந்துகொள்ளாதீர்கள்.

இப்போது வருகைப் பதிவேட்டைத் திறக்கிறேன். கடைசியாக ஒருமுறை பெயர் கூப்பிடுகிறேன். பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி, நன்றாகச் சத்தமாகச் சொல்லுங்கள்.